குட்டையோரப் புல்

ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டதும் அண்ணன் வேறெங்கும் போகவில்லை, தங்கையைத்தான் கூப்பிட்டார். கால்நடை மருத்துவமனையில் தங்கைக்கு டாக்டர் வேலை கிடைத்த நாளிலிருந்து, "எங்க வீட்லயே டாக்டர் இருக்கு" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிற மனிதர் அவர். அண்ணி அப்படியில்லை. "வாங்க டாக்டரம்மா, எங்க வீட்டு நோயாளிங்க வரிசையில நிக்கிறாங்க" என்று வாசலிலேயே நக்கலடிப்பாள். அந்த நக்கலில் பாசம்தான் அதிகம்.

அந்த வருஷம் வானம் கண்ணைத் திறக்கவேயில்லை. மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாகி, ஆடுகளின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. கழிச்சலுக்கு முன்பே ஒருமுறை வந்திருந்த டாக்டர், பலவீனமாக இருந்தவற்றைத் தடவிப் பார்த்து, இவற்றுக்கு எங்கேயாவது பசும்புல் தேடிப் போடுங்கள், இல்லாவிட்டால் தேறாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பச்சை என்று மிஞ்சியிருந்தது வற்றிக்கொண்டிருந்த குட்டையின் விளிம்பு மட்டும்தான். தினமும் முழங்கால் சேற்றில் இறங்கி, தண்ணீரை ஒட்டிய புல்லை அறுத்து வந்து, எழ முடியாத ஆடுகளுக்கு மடியில் வைத்து ஊட்டினாள்.

அதில் ஒன்றுக்கு அவள் வைத்த பெயர் சீமாட்டி. காய்ந்த தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அண்ணி கையால் கொடுத்தால் மட்டும் தின்னும். "இதுக்கு வேலைக்காரி வேற நான்" என்று திட்டிக்கொண்டேதான் அண்ணி அதற்கு முதல் வாய் கொடுப்பாள்.

சில வாரங்களில் கழிச்சல் ஆரம்பித்தது. சாதாரணக் கழிச்சல் இல்லை, தண்ணீராய்ப் பீய்ச்சியடித்து, கொட்டகைக்குள் மூக்கை வைக்க முடியாத நாற்றம். ஆடுகள் தீவனத்தை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே தலையைத் தொங்கப்போட்டு நின்றன. தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. டாக்டர் சாணத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். புழு முட்டை ஒன்றுகூட இல்லை. மறுபடியும் எடுத்துப் பார்த்தாள், அப்போதும் இல்லை. சந்தேகமே இல்லாமல் புழுவை ஒதுக்கிவிட்டு, கிருமிக்கு மருந்தும் உப்புக்கரைசலும் கொடுத்தாள். போகிற போக்கில், பசும்புல்லை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னாள்.

புல்லைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராததற்கு இன்னொரு காரணம், கொட்டகையின் கிழட்டுப் பசு. அதே புல்கட்டிலிருந்து அதுவும் தின்றது. அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு கல்லுக்குண்டாய் நின்றது. அதன் கன்றுக்குட்டி மட்டும் கழிந்து கழிந்து துவண்டது.

முதல் ஆடு செத்தபோது டாக்டர் ஊரில் இல்லை, புதைத்துவிட்டார்கள். அடுத்தது செத்த அன்று காலையிலேயே வந்து, கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயை விரித்து அறுத்துப் பார்த்தாள். முதலில் பெரிய இரைப்பையைத் திறந்தாள். மாடு, ஆடு அறுக்கிற எந்தக் கசாப்புக்காரரும் பார்த்திருக்கும் புழுக்கள் வழக்கமாக அதில் இருக்கும். மாதுளை விதை மாதிரிச் சிவந்து சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் தட்டைப்புழுக்கள். பெரிதாகக் கெடுதல் செய்யாத ஜந்துக்கள் என்று அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள். இதில் அவைகூட இல்லை. அத்தோடு விட்டிருப்பாள், ஏதோ தோன்றி, இரைப்பைகளைத் தாண்டிக் குடல் தொடங்கும் இடத்தை நீளவாக்கில் கீறினாள்.

குடல் தடித்து, இரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. கத்தியின் முதுகால் சளியைச் சுரண்டித் தண்ணீரில் அலசினாள். கிண்ணத்தின் அடியில் எள்ளை விடச் சிறிய, வெளிர் சிவப்புத் துணுக்குகள் நெளிந்தன. குடல் சுவருக்குள்ளேயே ஆயிரக்கணக்கில் புதைந்து கிடந்தன. அதே தட்டைப்புழுவின் குஞ்சுகள். இரைப்பைக்கு ஏறிப்போய் வளர்ந்தபின் சாதுவாக இருக்கிற ஜந்து, குஞ்சாக இருக்கும்போது குடலைக் குதறித் தின்கிறது. முட்டையிடும் வயது வராத புழுவுக்கு முட்டையைத் தேடியிருக்கிறாள். கழிச்சலை மெல்லிய துணியில் வடிகட்டி அலசியிருந்தாலே இந்தக் குஞ்சுகள் கண்ணில் பட்டிருக்கும். படித்ததுதான். பரீட்சையில் எழுதிப் பாஸான பாடம்தான். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அப்போதுதான் அண்ணி புல்கட்டோடு வந்தாள். கட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. டாக்டர் எழுந்து அதை வாங்கிப் பிரித்தாள். தண்டுகளில் தட்டையாய்ச் சுருண்ட சின்ன நத்தைகள் ஒட்டியிருந்தன.

சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்கும் இதே புல் வரும். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டே விளக்கினாள். வளர்ந்த புழு இருக்கிற மாட்டின் சாணத்திலிருக்கும் முட்டை தண்ணீரில் பொரிந்து இந்த நத்தைக்குள் போகிறது. அங்கே பெருகி வெளியே வந்து, புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. தின்கிற ஆட்டின் குடலில் கூடு உடைகிறது. குட்டை வற்ற வற்ற, நத்தையும் கூடுகளும் கொஞ்சநஞ்சப் பச்சையில் நெருக்கியடித்துக்கொண்டு சேர்ந்துவிடுகின்றன.

"மாடும்தானே தின்னுச்சு?" என்றாள் அண்ணி.

"அது வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா தின்னுருக்கும் அண்ணி. அதோட உடம்பு பழகிடுச்சு. கன்னுக்குட்டி இன்னும் பழகல. ஆட்டுக்கு அந்தத் தெம்பு சரியா வராது."

அண்ணி தன் கையைப் பார்த்தாள். "அப்ப நான் ஊட்டுனதுதானா?"

"ஊட்டச் சொன்னது நான்" என்றாள் டாக்டர்.

அண்ணன் தார்ப்பாயைச் சுருட்டிக் குழி தோண்டப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டருக்குத் தோன்றியது.

அன்றைக்கே குட்டைப் பக்கம் முள் வெட்டி அடைத்தார்கள். இந்தக் குஞ்சுகளுக்கு வழக்கமான குடற்புழு மருந்துகள் எதுவும் வேலை செய்யாது. அதற்கென்று இருக்கும் ஆக்ஸிக்ளோசனைடு என்ற மருந்தை நகரத்திலிருந்து வரவழைத்து, எடை பார்த்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றினாள். மூன்று நாள் விட்டு மறுபடியும் ஊற்றினாள். கன்றுக்குட்டி தலை நிமிர்த்தியது. பல ஆடுகளுக்குக் கழிச்சல் இறுகித் தாடை வீக்கம் வடிந்தது. ஆனால் மருந்து புழுவைத்தான் கொல்லும், தின்று தீர்த்த குடலைத் திருப்பித் தராது.

சீமாட்டி தேறவில்லை. அதிகம் ஊட்டப்பட்டது அதுதான். வெளிறிய கண்ணோடு பக்கவாட்டில் கிடந்தது. காய்ந்த தீவனம், கஞ்சி எதையும் தொடவில்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கழுத்தை நீட்டி அவள் வெறுங்கையை முகர்ந்தது. விரல்களுக்கிடையில் உதட்டால் தேடியது.

"பொழைக்குமா?" என்று கேட்டாள் அண்ணி. அன்றைக்கு அவள் டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை.

டாக்டர் கையை ஆட்டின் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப அந்தப் புல்லயே ஒரு வாய் குடுக்கட்டுமா?"

டாக்டர் ஆட்டின் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். "குடுங்க அண்ணி" என்றாள்.

அண்ணி முள்ளை விலக்கிப் போய் ஒரு பிடி அறுத்து வந்தாள். சீமாட்டி கண்ணைத் திறந்து ஆசையாகக் கவ்வியது. மெல்லத்தான் தெம்பில்லை. புல் வாயோரத்தில் அப்படியே நின்றது, கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

அண்ணி அழுதுகொண்டே அந்த வாயிலிருந்து புல்லை உருவினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வைக்கோலுக்குள் சிந்தியிருந்த புல்தாள்களை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி முந்தானையில் பொறுக்கினாள். வாசனை பிடித்து ஓடிவந்த மற்ற ஆடுகளை முழங்கையால் தள்ளினாள். அவை திரும்பத் திரும்ப அவள் கையையே தேடி வந்தன.