சம்பந்தியிடம் ஒரு பெர்மிட் காப்பி

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வெற்றிலை அனுப்பும்போது லோகனுக்கு நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதே இல்லை. மொரீஷியஸுக்கு இதுதான் முதல் சரக்கு. வாங்குபவரோ பரமேஸ்வரன், லோகனின் அக்கா உஷாராணியின் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர். பெண் வீட்டுக்காரன் சம்பந்தியிடம் போய், "பெர்மிட் காட்டுங்க" என்றால் நன்றாகவா இருக்கும்?

கிள்ளானில் இருந்த ஏற்றுமதிக் கடையில் உஷாராணி கணினியை விட்டு நகராமல் கத்தினாள். "டேய், அந்த நாட்டு இறக்குமதி பெர்மிட் இல்லாம இலை போனா ஏர்போட்லயே கொளுத்திடுவாங்க. அதுல என்ன கண்டிஷன் போட்டிருக்குன்னு தெரிஞ்சாத்தான் இங்க விவசாய இலாகால சோதிச்சு சர்டிபிகேட் எடுக்க முடியும். கேளுலா!"

ஜெஞ்சாரோம் ஊர் வெற்றிலைத் தோட்டக்காரர் வேறு, "வெட்டவா, வேணாமா?" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். லோகன் போனை எடுத்தான்.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? அங்க மழையா?"

"மழைதான். இலை எப்ப வருது?"

"அது... அந்த பெர்மிட்டு..."

"எல்லாம் இருக்கு!" என்றார் பரமேஸ்வரன். உடனே ஒரு படம் வந்தது. கடை லைசென்ஸ். லோகன் மறுபடி மழையை விசாரித்தான். கோயில் உறுப்பினர் அட்டை வந்தது. அடுத்து நிச்சயதார்த்தப் படம்.

உஷாராணிக்குப் பொறுமை போயிற்று. போனைப் பிடுங்கினாள். "சம்பந்தி, தப்பா நினைச்சாலும் பரவால்ல. பெர்மிட் காப்பி வராம ஒரு இலைகூட வெட்ட மாட்டோம்."

லோகன் தலையில் கை வைத்துக்கொண்டான். போச்சு, கல்யாணம் நின்றது!

அந்தப் பக்கமிருந்து, "பெர்மிட் இன்னும் எடுக்கலைங்க" என்றது ஒரு சின்னக் குரல். "விண்ணப்பப் பாரத்துல வெற்றிலையோட அறிவியல் பேரு, உங்க கம்பெனி விலாசம் எல்லாம் கேக்கறான். பெண் வீட்டாரைத் துருவிக் கேட்டா சந்தேகப்படறேன்னு நினைப்பீங்களோன்னு..."

அடப்பாவமே! உஷாராணி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

விவரங்கள் போயின. சில வாரங்களில் பெர்மிட் காப்பியும் வந்தது. இலையில் மண் இருக்கக்கூடாது, பூச்சி இருக்கக்கூடாது, தாவர சுகாதாரச் சான்று கட்டாயம் என்று அதில் இருந்தது. அதன்படியே கழுவி, சோதனைக்குக் காட்டி, சான்றோடு அனுப்பினார்கள். ஒரு இலைகூடத் தடைபடாமல் போய்ச் சேர்ந்தது.

லோகன் நிம்மதியாக, நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீயை வாயில் வைத்தான்.

"இருடா, இன்னொரு காப்பி கேக்கணும்" என்றாள் உஷாராணி. "மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரரு. இங்க கல்யாணம் பதியணும்னா, இதுவரைக்கும் கல்யாணம் ஆகாதவருன்னு அவங்க நாட்டு சர்டிபிகேட் வேணுமாம்."

லோகனுக்குப் புரை ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகப் போனை எடுத்தான்.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? அங்க மழையா?"