நாற்பத்தோரு ஆலைகள்

கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் பற்றிய என் ஆய்வேட்டில், முந்தைய ஆய்வுகளைப் பேசும் அத்தியாயத்தை ஆண்டு வரிசையில் எழுதியிருந்தேன்.

"இது வெறும் பட்டியல் அம்மணி. கேள்வி வாரியாப் பிரிச்சுப்போடுங்க," என்றார் நெறியாளர் நவ்யா.

எப்படி நுழைகிறது, யார் பணம் கட்டுகிறார்கள், எப்படி மீள்கிறார்கள் என்று மூன்றாகப் பிரித்தேன். பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனங்களின் அறிக்கைகளை ஒதுக்கினேன். விற்கிறவன் பயமுறுத்தத்தானே செய்வான்! துறை அறிஞர்கள் சரிபார்த்த ஆய்விதழ்க் கட்டுரைகளையே நம்பினேன். அவற்றில் ஒன்று, தென்னிந்திய நூற்பாலைகளில் பாதிப்பே இல்லை என்றது. அதன் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால், நான் ஒதுக்கிய அறிக்கை ஒன்றில் போய் நின்றது. துறைவாரிப் பின்னிணைப்பில் இருந்தது: பதில் அளித்த ஆலைகள் 41, தாக்கப்பட்டவை 0.

அந்த அறிக்கைக்கான கேள்வித்தாள், உடுமலைப்பேட்டை நூற்பாலை ஒன்றில் நான் கணினிப் பொறுப்பில் இருந்தபோது வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் கோப்புகளெல்லாம் பூட்டிக்கொண்டு, திரைக்குத் திரை சிவப்பு மிரட்டல் நின்றது. "வெளிய தெரியக் கூடாதுங்க," என்றார் முதலாளி. 'தாக்குதல் இல்லை' என்று டிக் போட்டவள் நான். அந்த 'இல்லை' இன்று கட்டுரை கட்டுரையாக நடமாடுகிறது. இதுவரை ஏழில் பார்த்துவிட்டேன்.

ஆய்வேட்டின் குறைபாடுகள் பகுதியில் எழுதினேன்: "பதில் அளித்தவர்கள் உண்மையை மறைத்துள்ளனர்."

நவ்யா அந்த வரியில் பென்சிலை வைத்தார். "இதுக்குச் சான்று எங்க அம்மணி?"

"நாந்தானுங்க மேடம்."