நாலு வெட்டு, பதினொரு துண்டு

விடைத்தாள் திருத்தும் அறையில் அது கடைசி நாள். பதினாறு பேர், எட்டு மேசை. ஜன்னலோர மேசை நெட்டை வாத்தியாருக்கு. ஒன்பது வருஷமாகத் தற்காலிகக் கணக்கு வாத்தியார். தலைமைத் திருத்துநர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். வினாத்தாளும் விடைக்குறிப்பும் மச்சான் எழுதியவை. நெட்டையை நிரந்தரமாக்கும் பரிந்துரைக் கடிதமும் கையெழுத்தாகாமல் அவர் பையில்தான் இருந்தது.

சிக்கல் பதினேழாம் கேள்வியில் வந்தது. ‘வட்டக் கேக் ஒன்றைத் துண்டுகளை நகர்த்தாமல், மேலிருந்து நேராக நான்கு முறை வெட்டினால் அதிகபட்சம் எத்தனை துண்டுகள்?’ இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் 16 என்றிருந்தது. இரண்டு நாளாக நெட்டையும் யோசிக்காமல் பதினாறுக்கெல்லாம் டிக் போட்டார். கை பழகிவிட்டால் தலை லீவு எடுத்துக்கொள்ளும்.

இப்போது கையில் இருந்த தாளில் 11 என்று இருந்தது. பக்கத்தில் ஒரு வட்டம், குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு. ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எண் போட்டிருந்தது. அந்தக் கேள்வியை விட்டுக் கூட்டினால் தாளின் மொத்தம் 33. தேற 35 வேண்டும்.

நெட்டை துண்டுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். தாளை எடுத்துக்கொண்டு போனார்.

“மச்சான், பதினேழுக்கு விடை தப்பு.”

“உக்காருங்க மாப்பிள்ளை. ஒரு வெட்டுக்கு ரெண்டு, ரெண்டு வெட்டுக்கு நாலு, அப்புறம் எட்டு, பதினாறு. இதுல என்ன தப்பு?”

“ரெண்டு வரைக்கும்தான் இரட்டிக்கும். மூணாவது வெட்டு முன்னாடி உள்ள ரெண்டு கோட்டையும்தான் தாண்ட முடியும். தாண்டுறப்ப அதுவே மூணு பகுதியா உடையுது. ஒவ்வொரு பகுதியும் ஒரு துண்டை ரெண்டாக்கும். அப்ப மூணுதான் கூடும், ஏழு. நாலாவது வெட்டு மூணு கோட்டைத் தாண்டும், நாலு கூடும். பதினொண்ணு.”

“கத்தியைப் படுக்கப் போட்டு அறுத்தா?”

“கேள்வியில மேலிருந்துன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அப்படியே எப்படிச் சாய்ச்சு அறுத்தாலும் பதினஞ்சுக்கு மேல வராது. பதினாறு எந்தப் பக்கமும் வராது.”

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மத்த அறையெல்லாம் முடிச்சுக் கட்டி சீல் வச்சாச்சு. எல்லாத்தையும் பிரிக்கச் சொல்றீங்களா?”

பின்மேசையில் ஒருவர் முனகினார். “ஆரம்பிச்சிட்டாரு. நமக்கு பஸ் போயிடும்யா.”

அந்த நேரம் பார்த்து, கடைசி நாளுக்கென்று எல்லோரும் சேர்ந்து வாங்கிய கேக் வந்தது. பதினாறு தட்டு அடுக்கினார்கள். நெட்டை கத்தியை எடுத்துக்கொண்டார். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

முதல் வெட்டு, இரண்டாவது வெட்டு. மூன்றாவதை நடுவில் விடாமல் ஒதுக்கிப் போட்டார். நாலாவது மூன்றையும் வெவ்வேறு இடத்தில் தாண்டியது. “எண்ணுங்க” என்றார். எண்ணினார்கள். பதினொன்று. சில துண்டு உள்ளங்கை அளவு, ஒன்று கட்டைவிரல் நகம் அளவு.

“நல்லா வெட்டினீங்க சார். நகத்துண்டு யாருக்கு, எறும்புக்கா?”

“அஞ்சு பேர் பட்டினியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. “குடுங்க மாப்பிள்ளை” என்று கத்தியை வாங்கினார். கேக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்து, கத்தியைக் கொஞ்சம் திருப்பி, ஒரே இழுப்பில் வெட்டினார். அந்த வெட்டு நாலு கோட்டையும் தாண்டியது. கோடுகள் சந்திக்கும் இடம் ஒன்றைக்கூட அது தொடவில்லை.

“இப்ப எண்ணுங்க.”

பதினாறு. கை தட்டினார்கள். தட்டுகள் பறந்தன.

“அஞ்சு வெட்டு, மச்சான்.”

“எல்லாருக்கும் கிடைச்சுதா இல்லையா?”

நெட்டை அந்த ஐந்தாவது வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாதவன் நடுவில் வெட்டியிருப்பான். அப்படி இடம் தேடி வெட்ட, ஐந்தாவது வெட்டுக்கு ஐந்து கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். மச்சானுக்கு விளக்கிச் சொன்னதெல்லாம் வீண். விடை பதினொன்றுதான் என்று அந்த ஆளுக்கு முன்பே தெரியும்.

மச்சான் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

“அந்தத் தாளை முடிச்சிட்டு வாங்க. தங்கச்சி போன் பண்ணிட்டே இருக்கா.”

நெட்டை மேசைக்குத் திரும்பினார். பதினொன்றின் மேல் சிவப்பில் ஒரு கோடு போட்டார். சுழியம். மொத்தம் 33, கீழே சுருக்கொப்பம். தாளைக் கட்டுக்குள் செருகிக் கயிறு கட்டினார்.

அவர் தட்டில் அந்த நகத்துண்டு இருந்தது. யாரோ வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். வாயில் போட்டுக்கொண்டு கடிதத்தை வாங்கப் போனார்.