குதிரை லாடப் பள்ளம்

திருமணிமுத்தாற்றின் கீழ்க்கரையில் எங்கள் ஊர். வடக்கிலிருந்து வரும் ஆறு, ஊரை ஒட்டி மேற்கே வளைந்து, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வந்து தெற்கே இறங்கும். அந்தச் சுற்றுக்குள் எங்கள் நாலு ஏக்கர். மூன்று பக்கம் ஆறு, கிழக்கே மட்டும் கழுத்துப் போல ஒரு நிலத்துண்டு.

மேற்கு நுனியில் வருஷாவருஷம் மணலும் வண்டலும் படிந்தன. எதிர்க்கரையில் பெரிய பண்ணைக்காரர் தங்கசாமியின் புன்செய்க் காட்டை ஆறு அரித்தது. நிலம் வளருகிறது என்று என் வீட்டுக்காரர் மாதையன் பூரித்துப் போவார். நானும்தான். கழுத்தை நாங்கள் கவனிக்கவில்லை. அதன் இரண்டு பக்கமும் ஆறு அரித்துக்கொண்டிருந்தது. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அதில் இரண்டு வண்டி ஒதுங்கிப் போகும். பத்து வருஷத்தில் ஒரு வண்டிக்கே இடம் போதவில்லை.

யுத்தம் தொடங்கிய வருஷம் ஐப்பசியில் பெருவெள்ளம். பட்டப்பகலில், மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர் அந்தக் கழுத்து வழியாக வரும்போது, ஆறு சுற்றிப் போகாமல் அதை உடைத்துக்கொண்டு நேராகப் பாய்ந்தது. மாடுகள் கரையேறின. அவர் வரவில்லை.

நேர்வழி கிடைத்ததும் பழைய சுற்றில் ஓட்டம் நின்றது. அதன் இரண்டு வாயையும் வண்டல் அடைத்தது. நடுவில் குதிரை லாடம் போல ஒரு குட்டை மிஞ்சியது. எங்கள் நிலம் ஆற்றுக்கு மேற்கே போய்விட்டது.

பத்திரத்தில் எல்லை ‘ஆற்றுக்குக் கிழக்கு’ என்றுதான் இருந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், ஆறு எங்கே போய்விடும் என்று. “ஆத்துக்கு மேக்க இருக்கறதெல்லாம் என்னுது” என்று தங்கசாமி உழவு ஓட்டினார். குட்டையையும் மண்ணடித்து மட்டம் செய்துவிட்டார். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஊரில் ஆளில்லை.

நிலத்தை மீட்க நான் வழக்குப் போட்டேன். என் வக்கீல் கரீம் பாஷா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். “ஆறு கொஞ்சங் கொஞ்சமா நகந்தா எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்துல தாவுச்சுன்னா எல்லை பழைய தடத்துலயேதான் நிக்கும். தாவுச்சுன்னு காட்டணும்மா.”

அதைக் காட்ட அவரே ஒரு படத்தைத் தேடிப் பிடித்தார். நாற்பத்து மூன்றாம் வருஷம், மழை பொய்த்துக் குட்டை வற்றிக் கிடந்த தை மாதத்தில், ஆகாய விமானத்திலிருந்து எடுத்தது. தங்கசாமி மண்ணடிப்பதற்கு முந்திய வருஷம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் விசாரணை. படத்தில் ஆறு நேராக ஓடியது. அதன் மேற்கே, இரண்டு நுனியும் ஆற்றைத் தொட்டபடி, ஒரு வளைந்த பட்டை. முன்சீப் வடக்கு மேலே இருக்கும்படி வைத்துப் பார்த்தார்.

“மேடாகத்தானே தெரிகிறது?” என்றார்.

தங்கசாமியின் வக்கீல் துள்ளி எழுந்தார். “ஏரிக்கரைங்க! கட்சிக்காரரோட பாட்டன் கட்டினது. கரையை இவரு வெட்டி மட்டம் பண்ணினாரு, அவ்வளவுதான். ஆறு மெதுவா நகந்து போச்சு.”

எனக்கும் அது மேடாகத்தான் தெரிந்தது. கூண்டில் நின்றபடியே படத்தில் எங்கள் நிலத்தைத் தேடினேன்.

“பாவாயி, ஆகாசத்துல பறந்து பாத்திருக்கியா நீ?” என்று தங்கசாமியின் வக்கீல் என்னைக் கேட்டார். கோர்ட்டே சிரித்தது.

“இல்லீங்க. ஆனா இது எங்க காட்டுப் பனைங்க.” நிலத்தின் நடுவே இரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றிலிருந்தும் மேற்கே ஒரு கறுப்புக் கோடு. “நெழல் மேக்க விழுகுது. அப்ப காலை வெயிலுங்க, சூரியன் கெழக்க.”

“அதனால?”

“கரைன்னா வெயில் கெழக்குச் சரிவுல அடிக்கும், மேக்குச் சரிவுதானுங்க இருட்டா இருக்கும். இதுல பாருங்க சாமி, பட்டையோட கெழக்கு ஓரந்தான் கறுப்பு. குழிக்குள்ளதானுங்க வெயில் வார பக்கத்துல நெழல் கட்டும்.”

சிரிப்பு நின்றது. முன்சீப் படத்தை மெல்லத் திருப்பினார். வெயில் மேலிருந்து விழுவதுபோல், பனை நிழல் அவரை நோக்கி வந்ததும் கையை நிறுத்தினார்.

“பள்ளம்” என்றார் தங்கசாமியின் வக்கீலைப் பார்த்து. “மேடு எப்படி ஐயா உள்ளே போய்விட்டது?”

கரீம் பாஷா எழுந்தார். “மெதுவா நகர்ற ஆறு வரிவரியா மணல் விட்டுட்டுப் போகும், எசமான். இது முழுசா ஒரு தடம், ரெண்டு வாயும் இன்னைய ஆத்துல. அறுத்துக்கிட்டுப் பாஞ்சாத்தான் இப்படி ஆகும்.”

தங்கசாமி தாங்காமல் கத்தினார். “அறுக்கறதுக்கு முன்னாடி எத்தனை வருசமா எங்காட்டைத் தின்னுச்சு, அதக் கேளுங்க!”

“அறுத்தது என்று நீரே சொல்லிவிட்டீர். எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் முன்சீப்.

ஆறு அவர் காட்டைத் தின்றது உண்மைதான். அது மெதுவாக நடந்தது, சட்டப்படி அந்த மணல் எங்களுக்கு. நான் அதற்காக வருந்தவில்லை.

எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் ஏர் பூட்டி, முழங்கால் தண்ணீரில் மாடுகளை இறக்கினேன். மேலக்கரையில் தங்கசாமியின் ஆட்கள் நின்று பார்த்தார்கள். “வழி உடுங்க சாமி, எங்காட்டுக்குப் போவோணும்” என்றேன். விட்டார்கள். என் வீட்டுக்காரரை ஆறு கொண்டுபோன இடத்தைத் தாண்டி, வண்டல் மண்ணில் முதல் ஏர்ச்சால் நானே ஓட்டினேன்.