நிலைக்காத பழுப்பு

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். அன்று மழை வேறு. ராஜபாளையத்தில் மருத்துவப் பிளாஸ்டர் செய்யும் எங்கள் கம்பெனியில், பசையைக் கரைக்கும் எத்தில் அசிடேட்டில் நீர் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. 0.05 சதவீதம் தாண்டினால் பசை நுரைத்துவிடும்.

மெத்தனால் நிரம்பிய கண்ணாடிக் கலத்தின் ரப்பர் மூடி வழியே சாம்பிளை ஊசியால் ஏற்றினேன். நீர் பட்டால் நிறமிழக்கும் பழுப்பு அயோடின் ரீஏஜென்ட் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நீர் தீர்ந்துவிட்டால் பழுப்பு அப்படியே நிற்க வேண்டும். அன்று பழுப்பாவதும் வெளிறுவதுமாகவே இருந்தது. மெஷின் கடைசியில் 0.12 என்றது.

எத்தில் அசிடேட் டிரம்களைத் திறந்து மூடுபவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. பதினாறு வருஷ வேலை. மேனேஜர் தேவநேசன் அவரிடம் ரிப்போர்ட்டை நீட்டியதும் நான் முந்திக்கொண்டேன்.

"மழையில மூடிய இறுக்காம விட்டுட்டீயளா?"

அவர் தன் கைகளையே பார்த்தார். "இறுக்குன மாரிதான் இருக்கு தாயி. மெஷின் அப்படிச் சொல்லுதுன்னா, விட்டிருப்பேனோ என்னமோ."

ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டு, "இனி வேலைக்கு வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது பாவமாகக்கூட இல்லை.

மூன்றாம் நாள் வேறொரு புது டிரம். அதிலும் 0.12. அதே இழவு. இதை யார் திறந்தார்கள் என்று கத்தப் போனவள் நின்றேன். நான் சாம்பிள் எடுக்கும்வரை சீலே உடைக்காத டிரம் அது. சாம்பிளே போடாமல் கலத்தைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ரீஏஜென்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. ரப்பர் மூடியைக் கழற்றினேன். நாலு மாதமாக மாற்றவில்லை, குத்திக் குத்திச் சல்லடையாகியிருந்தது. மழைக்காற்றின் ஈரம் அதன் வழியே உள்ளே போயிருக்கிறது. சாம்பிள் ஏற்றுமுன் கலத்திலிருக்கும் ஈரம் தீர்ந்து பழுப்பு நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டியவள், அவசரத்தில் ஸ்டார்ட்டை அமுக்கியிருக்கிறேன்.

புது மூடி போட்டு, கலம் அமைதியானதும், அண்ணாச்சி மூடிய டிரம்மிலிருந்து எடுத்துவைத்திருந்த சாம்பிளை மறுபடி ஏற்றினேன். இரண்டே நிமிஷம். பழுப்பு நின்றது. 0.03.

தேவநேசன் சார் மேஜையில் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்து, "சார், தப்பு எம்மேல. அவிய மேல இல்ல" என்றேன். அவர் என்னைத் திட்டியதெல்லாம் நியாயம். பிறகு, "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

மம்சாபுரத்தில் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி சுடலையம்மாள் திறந்தாள். உள்ளே அண்ணாச்சி, ஒரு தூக்குவாளியின் மூடியைத் திறப்பதும் அழுத்தி மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா இதே வேலைதான் பாத்துக்கிடுங்க. ராத்திரி எந்திரிச்சுப் போயி கேஸ் சிலிண்டர வேற தொட்டுத் தொட்டுப் பாக்காவ" என்றாள் அவள்.

நான் அவர் எதிரே உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, தப்பு என்னோடது. என் கலத்து மூடிதான் ஓட்டை. நாளைக்கு வேலைக்கு வாங்க."

அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அப்போ அன்னிக்கு நான் இறுக்கித்தான் வச்சிருந்தேனா, தாயி?"


"ஆமா அண்ணாச்சி. நல்லா இறுக்கித்தான் வச்சிருந்தீய."