தடத்தில் இரண்டு முதல் படிகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. எட்டியபோது கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமைதான் வந்தது. ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் எது எங்கே குளறுபடி ஆனாலும் ஆள் விட்டு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நோயாளிகளின் ஸ்கேன் முன்பதிவுகளைக் கவனிக்க அங்கே ஓர் ஏஜென்ட் வைத்திருந்தார்கள். மனிதர் இல்லை, மென்பொருள். முன்பதிவு டெஸ்க்கிலிருந்து உத்தரவு போனாலும் சரி, நோயாளியின் செல்போனிலிருந்து கேள்வி வந்தாலும் சரி, அதைப் படித்து, ஆளைத் தேடி, என்ன செய்வதென்று முடிவெடுத்து, படிப்படியாகச் செய்து முடிக்கும். அப்படி ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை செய்வதற்கு ஓர் ஓட்டம் என்று பெயர். ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் ரன் ஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. எந்த டூலை, அதாவது எந்தச் சிறு நிரலை, எதைக் கொடுத்துக் கூப்பிட்டது, என்ன பதில் வந்தது, ஏன் அந்த முடிவுக்கு வந்தது என்று எல்லாமே அந்த ஐடியோடு லாக் என்ற பதிவேட்டில் விழும். ஐடியைப் போட்டுத் தேடினால் முழுத் தடமும் கண்முன் வந்து நிற்கும். இந்த ஏற்பாடு மொத்தமும் மோப்பத்தின் கைவண்ணம்.

“மனுஷங்க மாத்திப் பேசுவாங்க. தடம் மாத்திப் பேசாது,” என்பாள். கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் புளித்துப் போயிருந்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் தையல்காரம்மாவின் விவகாரம் வந்தது. அந்த அம்மாள் ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு விடிகாலையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பெயரைக் கூப்பிடவே இல்லை. போய்க் கேட்டால், முன்பதிவு ரத்தாகிவிட்டது என்றார்கள். “சாப்பிடாம வரச் சொல்லி நீங்கதானே மெசேஜ் போட்டீங்க!” என்று செல்போனை நீட்டினார். ஸ்கேன் கவுன்ட்டரில் இருந்தவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த இடம் கிடைக்கப் பல வாரம் ஆகும். மார்பில் கட்டி. காத்திருக்கிற வியாதியா அது?

மேலாளர் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். மோப்பம் அந்த ரன் ஐடியைத் தட்டினாள். திரை நிறைய வரிகள் வந்தன. முன்பதிவைத் தொடாத வரிகளை எல்லாம் அவள் வடிகட்டி மறைத்தாள். எப்போதும் செய்வதுதான். தேடுவது என்னவென்று தெரிந்தவளுக்கு மற்றது எல்லாம் குப்பை. மிஞ்சியவை சில வரிகள்: டெஸ்க்கிலிருந்து உத்தரவு, இவருடைய முன்பதிவை ரத்து செய்க. முடிவு: ரத்து. டூல்: முன்பதிவு ரத்து, அதில் தையல்காரம்மாவின் பதிவு எண். விடை: முடிந்தது. நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது என்பதால் லாகில் பெயர்கள் மட்டும் நட்சத்திரக் குறிகளாக மறைந்திருக்கும். எண்தான் இருக்கிறதே, பெயர் எதற்கு?

“டெஸ்க்ல இருந்துதான் ரத்து போயிருக்கு,” என்றாள்.

டெஸ்க்கில் இருந்தவரை எல்லோரும் ‘டெஸ்க் அக்கா’ என்பார்கள். வாய் ஓயாமல் பேசுகிற, யார் வந்தாலும் முதலில் உட்காரச் சொல்கிற மனுஷி. அவர் எழுந்து நின்றார்.

“இல்ல மேடம், அதே நாள் பேஷன்ட் ஒருத்தர், வாத்தியார், அவரோடததான் நான் ரத்து பண்ணச் சொன்னேன். அவர் ஊருக்குப் போறேன்னு போன் பண்ணார். பாருங்க, அவரோட பதிவு இன்னும் அப்படியே நிக்குது. அவர் வரல, மெஷின் சும்மா கெடந்துச்சு.”

“அதேதான்க்கா நானும் சொல்றேன். வாத்தியார் பேரைத் தொடப்போய் கை தவறி இந்தம்மா பேர்ல பட்டிருக்கு. அதான் அவரோடது நிக்குது, இவங்களோடது போயிடுச்சு.”

கச்சிதமாகப் பொருந்தியது. யாரோ சிரித்தார்கள். டெஸ்க் அக்கா உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே அவரைப் பழைய ஃபைல்கள் அடுக்குகிற கீழ்த்தள அறைக்கு மாற்றிவிட்டார்கள். தையல்காரம்மாவுக்கு ஒரு வருத்தக் கடிதமும் தள்ளிய தேதியும் போயின. மோப்பம் அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். தூங்கினாளே, அதுதான் பின்னால் அவளை அதிகமாக அரித்தது.

சில வாரம் போயிற்று. இன்னொரு கிளையிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்களும் ஏஜென்ட் வைக்கப் போகிறார்களாம், தடம் பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். மோப்பம் உதாரணத்துக்கு எடுத்தது, சந்தேகமில்லாமல் முடிந்த அந்தத் தையல்காரம்மா ஓட்டத்தைத்தான். இந்த முறை வடிகட்டவில்லை. வந்தவர்கள் எல்லா வரியையும் பார்க்கட்டுமே என்று விட்டிருந்தாள்.

“முதல் படி, டெஸ்க்கோட உத்தரவு,” என்று வாசித்தாள். அடுத்த வரியிலும் படி ஒன்று என்றே இருந்தது. நோயாளியின் கேள்வி: ‘சாப்பிடாம வரணுமா?’ அதற்குக் கீழே படி இரண்டு, ஆளைத் தேடியதில் கிடைத்த பதிவு எண் ஒன்று. மறுபடியும் படி இரண்டு, வேறொரு பதிவு எண். படி மூன்றும் இரண்டு முறை. ரத்து செய்வதென்று ஒரு முடிவு, ஸ்கேன் விதிகளைப் பார்ப்பதென்று ஒரு முடிவு. படி நான்கில் ஒன்று தையல்காரம்மாவின் முன்பதிவை ரத்து செய்தது, இன்னொன்று அதே தையல்காரம்மாவுக்கு ‘ஆமாம், வெறும் வயிற்றோடு வாருங்கள்’ என்று பதில் அனுப்பியது.

ஓர் ஓட்டத்துக்கு ஒரு முதல் படிதான் இருக்க முடியும். வந்தவர்களில் யாரும் கவனிக்கவில்லை. அவள் சட்டென்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, குரல் மாறாமல் பேசி முடித்தாள். அவர்கள் கை தட்டினார்கள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மூல லாகைத் திறந்தாள். ஒவ்வொரு வரியிலும் அதை எழுதிய சர்வரின் பெயர் இருக்கும். முதல் படி ஒன்று ஒரு சர்வரிலிருந்து, மற்றது இன்னொன்றிலிருந்து. ஒரே ஐடியில் இரண்டு ஓட்டங்கள்.

அது எப்படி முடியும் என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. ரன் ஐடியை உருவாக்கும் வரியை எழுதியதே அவள்தான். தேதி, மணி, நிமிடம், நொடி. அவ்வளவுதான் ஐடி. பக்கத்து இருக்கைக்காரன் அப்போதே சொன்னான், “இப்படி வேணாம், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராத நீளமான ஐடி போடு.” அவள் சிரித்தாள். “அந்த இழவை யாரு படிக்கிறது? இது பாத்தவுடனே புரியும்.” பார்த்தவுடனே புரிந்தது, உண்மைதான். ஒரே நொடியில் இரண்டு ஓட்டங்கள் தொடங்கினால் இரண்டுக்கும் ஒரே ஐடி.

லாக் மட்டும் குழம்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏஜென்ட் தன் குறிப்புகளையும் அந்த ஐடியின் பெயரில்தான் வைத்துக்கொள்ளும். ஒரே சிலேட்டில் இரண்டு பேர் எழுதின மாதிரி ஆகிவிட்டது. டெஸ்க் அக்காவின் ஓட்டம் வாத்தியாரின் பதிவு எண்ணைக் குறித்து வைத்தது. அந்தக் குறிப்பின் மேலேயே மற்ற ஓட்டம் தையல்காரம்மாவின் எண்ணை எழுதியது. ரத்து செய்யும் நேரம் வந்தபோது குறிப்பில் இருந்த எண் தையல்காரம்மாவுடையது. ஆக, முன்பதிவை அழித்ததும் அவளுடைய ஐடிதான், பழியைத் தூக்கி டெஸ்க் அக்கா தலையில் போட்டதும் அவளுடைய ஐடிதான்.

அறையில் யாரும் இல்லை. இருந்தும் அவளுக்கு முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சத்தமில்லாம சரி பண்ணிடுங்க. அந்தம்மாவை கொஞ்ச நாள் கழிச்சு டெஸ்க்குக்கு மாத்திக்கலாம். இப்பப் போய்க் கிளறினா நமக்குத்தான் அசிங்கம்.”

சரி பண்ண அரை மணிகூட ஆகவில்லை. இரண்டு ஓட்டங்கள் இனி ஒரு ஐடியில் விழாது. இவ்வளவுதான் வேலை என்பது அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

கீழ்த்தளத்துக்குப் போனாள். டெஸ்க் அக்கா ஸ்டூலில் ஏறி ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய பேச்சு இல்லை. ஒவ்வொரு ஃபைலின் எண்ணையும் வாய்க்குள் படித்து, வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தார்.

“வாங்க மேடம். உக்காருங்க,” என்றார். உட்கார அங்கே எதுவும் இல்லை. “அந்தத் தையல்காரம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். மன்னிப்பு கேட்டேன். நல்லவங்க, திட்டல. எனக்குத்தான் பேசவே வரல.”

மோப்பத்துக்குச் சொல்ல வந்தது நாக்கு நுனிவரை வந்தது. “இங்க லைட்டு ரொம்ப மங்கலா இருக்கேக்கா. மாத்தச் சொல்றேன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில் நின்று தன்னையே திட்டிக்கொண்டாள். லைட்டாம், லைட்டு!

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “என்ன ஆச்சு?” என்றான் கணவன்.

“ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுக்கு வேற ஒருத்தரு மாட்டிக்கிட்டாங்க.”

“யாரு பண்ணது?”

சோற்றைப் பார்த்துக்கொண்டு, “நான்தான்,” என்றாள். மேலாளரிடம்கூட ஐடி மோதிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தாள்; ‘நான்’ என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “அவங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் கூட்ட அறைக்கு எல்லோரையும் அவளே கூப்பிட்டாள். யார் யார் முன்னால் பழி சொன்னாளோ அதே ஆட்கள். டெஸ்க் அக்காவையும் வரச் சொல்லியிருந்தாள். அவர் கதவோரமாக நின்றார், இன்னும் என்ன பாக்கி என்பது போல. மேலாளர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவள் பார்க்காத மாதிரி தடத்தைத் திரையில் போட்டாள், ஒரு வரியையும் மறைக்காமல்.

“இது ஒரு ஓட்டம் இல்ல, ரெண்டு. அக்கா அனுப்பின ஓட்டம் தேடினப்போ கெடைச்ச எண் இதோ. இது வாத்தியாரோடது. அக்கா சரியாத்தான் கொடுத்திருக்காங்க. நான் பண்ணின ஐடிதான் ரெண்டையும் கலந்துவிட்டுச்சு. அன்னிக்கு இந்த வரியெல்லாம் இருந்தது. நான்தான் மறைச்சுட்டுப் பாத்தேன். அக்கா சொன்னதை நான் கேக்கவே இல்ல. தப்பு முழுக்க என்னோடது. தையல்காரம்மாவைப் பாத்து நானே இதைச் சொல்லப் போறேன், அவங்க தேதியையும் முன்னாடி கொண்டுவரணும்.” அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். “என்னை மன்னிச்சிடுங்கக்கா.”

டெஸ்க் அக்கா திரைக்குக் கிட்டே வந்து, அந்த எண்ணை விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப நான் அந்தம்மா பேரை அழுத்தவே இல்லையா?”

“இல்லக்கா. நீங்க அழுத்தவே இல்ல.”

“ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே மேடம்,” என்றார் டெஸ்க் அக்கா. பொய் சொல்கிற முகமில்லை, குழம்பிப்போன முகம். “அவங்க பேர் மேல என் விரல் பட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தெனம் ராத்திரி வருது.”

மோப்பம் திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அந்த ஞாபகத்தை அவருக்குக் கொடுத்தது அவள்தான். அதைத் திரும்ப எடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.