கல்யாண முருங்கைக்கு இலை வைத்தவர்

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் செங்கோடன் கணக்கெழுதும் ரைட்டர். சீமைக்குப் புறப்பட்ட துரை, போகிற போக்கில் தன் ஆட்களுக்கெல்லாம் போட்டோ எடுக்கச் சொன்னபோது, ரைட்டரையும் அவர் சம்சாரம் அருக்காணியையும் ஒரு கல்யாண முருங்கை அடியில் நிற்க வைத்துப் பிடித்தார்கள். அது தை மாதம். மரத்தில் ஒற்றை இலை கிடையாது.

போட்டோவைப் பெருமையாகச் சேலத்துப் பக்கம் இருந்த அம்மாவுக்கு அனுப்பினார் செங்கோடன். போன வேகத்தில் திரும்பி வந்தது. "பட்டமரத்தடியில நிக்கற படத்த ஊட்டுல மாட்டுனா வமிசம் எப்பிடி வெளங்கும்? மரத்தப் பச்சையாக்கிக் கொண்டா. இல்லாட்டி உன் மாமன் மகளப் பேசி முடிச்சர்றன்" என்று யாரோ எழுதிக் கொடுத்த கடுதாசியும் கூடவே வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தையில்லை. மரத்தின் மேல் எறிந்த கல் யார் மேல் பட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

அருக்காணி அழவில்லை. முதல் இரண்டு வருஷம் அழுதாள், அதற்கப்புறம் அழுகை தானாகவே நின்றுவிட்டது. ஏற்காட்டுக்குக் கிளம்பு என்றார் ரைட்டர், கிளம்பினாள்.

கடைவீதியில் போட்டோக்காரரிடம் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் தீட்டுகிறவர் சின்னையன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டரே, இது பட்டமரமில்லீங்க. கல்யாண முருங்கை எல எல்லாம் உதுத்துப்போட்டுத்தான் பூக்கும். மொட்டைக் கெளையோட நுனியில செவப்புக் கொத்து நாலு வெச்சனுங்கன்னா போதும். மரமும் பொய்யில்ல, படமும் மங்கலமாயிரும்."

"பூவெல்லாம் எங்கம்மாளுக்கு ஏறாதுங்க. எலை வேணும். அடர்த்தியா வெக்கோணும்."

"வெக்கலாமுங்க. கெளை கறுப்பா இருக்குது, சும்மா பச்சையத் தடவுனா மேல தெரியாது. வெள்ளச் சாயத்தக் கலந்து கெட்டியா வெக்கோணும். வெய்யில் படற பக்கம் மஞ்சப் பச்சை, உள்பக்கம் கறும்பச்சை. அதெல்லாம் நம்ம வேலை. ஆனா இங்க பாருங்க."

தூரிகைக் காம்பால் அருக்காணியின் முகத்தைக் காட்டினார். குச்சிக் கிளைகளின் நிழல் மெல்லிய கோடு கோடாக அவள் கன்னத்திலும் தோளிலும் தரையிலும் விழுந்திருந்தது. மரத்தை விட்டு ரெண்டடி தள்ளி நின்ற ரைட்டர் முழு வெயிலில் இருந்தார்.

"எல அடர்ந்த மரத்துக்குக் குச்சி நெழல் விழுமுங்களா? எலை வெச்சா நெழலையும் அடர்த்தியா வெக்கோணும். அம்மா மொகம் மங்கிப் போயிருமுங்க. பூவுன்னா இந்த மொகம் அப்படியே இருக்கும்."

செங்கோடன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "மொகம் மங்குனாப் பரவால்லீங்க. மரந்தான் முக்கியம்."

சின்னையனுக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க என்னங்கம்மா சொல்றீங்க?"

அவளிடம் அபிப்பிராயம் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பதில் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பூ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மாமன் மகள் வருவாள் என்ற எண்ணமும் கூடவே வந்தது. "எலையே வெச்சுருங்க" என்றாள்.

பத்து நாளில் படம் வந்தது. சின்னையன் கை சுத்தமான கை. கிளைக்குக் கிளை தளிர், இலைச் சந்துகளில் வானம், அடியில் குளுமையான நிழல். அந்த நிழலுக்குள் மூக்கும் கண்ணும் மங்கிய ஒரு பெண் உருவம். பக்கத்தில் பளிச்சென்று ரைட்டர்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு இருவருமாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். மாமியார் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"நல்லாத் தளதளன்னு இருக்குது சாமி. இதுதான் ஊடு வெளங்கற படம்." நடுச் சுவரில் ஆணியடித்து மாட்டவும் வைத்தாள். அருக்காணிக்கு அப்போதும் சந்தோஷமோ துக்கமோ எதுவும் தோன்றவில்லை. பிழைத்தோம் என்று மட்டும் நினைத்தாள்.

பிறகு மாமியார் மகனைக் கிட்டே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

"வைகாசியில உன் மாமன் ஊட்டுக்குப் போயி முடிச்சுட்டு வந்தரலாம். இந்தப் படத்தக் கழட்டவும் வேண்டியதில்ல. நிக்கறது யாருன்னுதான் தெரியலையே. வர்றவளுக்கும் ஒரு சங்கடமில்ல பாரு."

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் அருக்காணிக்கு வலித்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுவதுபோல உடம்பெல்லாம் வலித்தது. பெட்டி மேல் ஏறி நின்று, சுவரிலிருந்து படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இது நானுங்க அத்தை" என்றாள். ஏழு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் எதிர்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான்.